போனுக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு

அலுவலகத்தில் அவளுக்குத் தசமம் என்று பெயர். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைக்கூட விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் உள்ளூர அதில் பெருமைதான். கைபேசியும் இணைப்பும் விற்கும் அந்த நிறுவனத்தில், எந்த வருமானம் எந்த மாதத்துக் கணக்கில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது.

அவளுடைய நாத்தனாருக்கும் அதே நிறுவனத்தில்தான் வேலை. அடுத்த தெருவில் இருந்த வாடிக்கையாளர் சேவை மையம் அவள் கையில் இருந்தது. தொலைபேசியை எடுத்து அவள் ஹலோ சொல்கிற விதத்திலேயே பாதிக் கோபம் இறங்கிவிடும் என்பார்கள். அதனால் அவளுக்கு ஹலோ என்றே பெயர்.

இருவரும் முதலில் சிநேகிதிகள். வாடி, போடி என்று பேசிக்கொண்டவர்கள். "எங்க அண்ணனை ஒரு தடவை பாரு. பிடிக்கலைன்னா அன்னைக்கு டீக்காசு என்னோடது" என்று கேன்டீனில் வைத்துக் கல்யாணத்தைப் பேசி முடித்தவளே ஹலோதான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்த அண்ணனைத் தசமத்துக்குப் பிடித்துப்போனது. கல்யாணத்துக்கு மறுநாளே ஹலோ, "அண்ணி, எழுந்திரிச்சிட்டீங்களா?" என்று கேலியாகக் கேட்டாள். கேலி அப்படியே பழக்கமாகி, அண்ணியும் நீங்களும் நிலைத்துவிட்டன.

சில வருடங்கள் கழித்து, ஒரு வருடக் கடைசியில் நிறுவனம் ஒரு புது போனை இறக்கியது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு வீதம் இரண்டு வருடம் கட்டினால் போன் கையோடு வரும், பேச்சும் இணையமும் அதோடு சேர்ந்து வரும். எல்லோரும் அதைக் காம்போ என்றார்கள். முன்பணம் எதுவும் இல்லை. கடை வாசலில் வரிசை நின்றது.

வாடிக்கையாளருக்கு அது ஒரே விலை. இரண்டு வருடத்தில் முப்பத்தாறாயிரம். ஆனால் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது இரண்டு பொருள். போனை அன்றைக்கே கொடுத்துவிடுகிறார்கள், அதற்கான வருமானத்தை அன்றைக்கே எழுதிவிடலாம். பணம் மாதாமாதம்தான் வரும் என்றாலும் பரவாயில்லை, மீதி வர வேண்டியதாக நிற்கும். சேவை அப்படியில்லை. மாதம் ஓட ஓடத்தான் அதைக் கொடுக்கிறார்கள், அதனால் மாதம் ஓட ஓடத்தான் எழுத முடியும். அப்படியானால் அந்த முப்பத்தாறாயிரத்தில் போனுக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு?

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தசமம் அதை எளிதாகச் சொல்லிவிடுவாள். "ரெண்டையும் தனித்தனியா வித்தா என்ன விலைக்குப் போகும்னு பாருங்க. அந்த விகிதத்துல சேர்த்து வித்த விலையைப் பிரிங்க. தள்ளுபடி ரெண்டு பேருக்கும் பொது. ஒருத்தர் தலையில மட்டும் கட்டக்கூடாது."

இணைப்பை மட்டும் தனியாக வாங்கினால் மாதம் ஆயிரம், இரண்டு வருடத்துக்கு இருபத்து நான்காயிரம். அதில் குழப்பமே இல்லை. குழப்பம் போனில் வந்தது. பெட்டியில் முப்பத்தாறாயிரம் என்று அச்சடித்திருந்தது. ஆனால் போனை மட்டும் கேட்டு வந்தவர்களுக்கு நிறுவனத்தின் சொந்தக் கடைகளே இருபத்து நான்காயிரத்துக்குத்தான் விற்றுக்கொண்டிருந்தன. முதல் நாளிலிருந்தே அப்படித்தான். பெட்டியில் போட்ட விலையைக் கொடுத்து வாங்கியவர் ஒருவர்கூட இல்லை.

நிதித் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அவள் பிரசவத்துக்குப் போனபோது அவளுடைய இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்காமல் காத்திருந்தவர்.

"போனோட தனி விலை முப்பத்தாறுன்னு வெச்சுக்கலாம்மா" என்றார்.

"சார், அந்த விலைக்கு யாருமே வாங்கலையே. நம்ம கடையிலயே இருபத்துநாலு."

"அது அறிமுகச் சலுகை. போன் வந்தே சில வாரம்தான் ஆகுது. சலுகை முடிஞ்சதும் விலை ஏறும்."

"முடியும்னு எழுத்துல எதுவும் இருக்கா? விற்பனைப் பிரிவுல கேட்டேன். இதுதான் விலை, மாத்தற எண்ணம் இல்லைன்னு சொன்னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறுவனத்தில் பங்கு வாங்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். வருடக் கணக்கு எடுப்பாக இருக்க வேண்டும்.

தசமம் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். இருபத்து நான்கும் இருபத்து நான்கும் என்றால் சரிபாதி. போனுக்குப் பதினெட்டாயிரம், சேவைக்குப் பதினெட்டாயிரம், அதாவது மாதம் எழுநூற்று ஐம்பது. போனுக்கு முப்பத்தாறு என்று வைத்தால் போனின் பங்கு இருபத்தோராயிரத்து அறுநூறாக ஏறிவிடும். சேவைக்குப் பதினாலாயிரத்து நானூறு, மாதம் அறுநூறு. ஒவ்வொரு போனிலும் மூவாயிரத்து அறுநூறு இந்த வருடத்துக்கே தாவி வந்துவிடும்.

"இதுல யாரும் யாரையும் ஏமாத்தல" என்றார் அவர். "வாடிக்கையாளர் கட்டற பணத்துல ஒரு காசு கூடல, குறையல. ரெண்டு வருஷம் கழிச்சு கூட்டிப் பார்த்தா அதே முப்பத்தாறு. கொஞ்சம் முன்னாடி வருது, அவ்வளவுதான். இதனால யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு பார்ப்போம்?"

யாருக்கு நஷ்டம் என்று அவள் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள், அன்றைக்கு யாரும் சிக்கவில்லை. அன்று மாலை வரை பிடிகொடுக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் "அறிமுகச் சலுகை" என்ற குறிப்போடு முப்பத்தாறாயிரத்தை ஏற்றுக்கொண்டாள். புதுப் பொருள், விற்ற தனி போன்களும் கொஞ்சம் என்பதால், தணிக்கைக்கு வந்தவர்கள் குறிப்பைப் படித்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

வருடக் கணக்கு பளபளத்தது. போன் விற்பனைப் பிரிவுக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் ஹலோவும் இருந்தாள், விரலை வாயில் வைத்து ஒரு விசில்கூட அடித்தாள்.

அடுத்த சில மாதங்களில் காம்போ ஆட்கள் பெருகிக்கொண்டே போனார்கள். அவர்களுடைய அழைப்புகளைக் கவனிப்பது ஹலோவின் மையம். பில் புரியவில்லை, சிம் வேலை செய்யவில்லை, குழந்தை போனைத் தண்ணீரில் போட்டுவிட்டது, எல்லாம் அங்கேதான் வரும். அவள் ஆட்களுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுத்தாள், ஒரே புகாருக்கு இரண்டாவது முறை அழைப்பு வராதபடி பார்த்துக்கொண்டாள். காம்போவை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். அந்த வருடம் தன் மையத்துக்குத்தான் கேடயம் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. ஹலோ வழக்கம்போல் அடுப்படிக்குள் வந்து மூடிகளைத் திறந்து பார்க்கவில்லை. மேசையில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சி தொங்கிப்போய் இருக்கு?" என்றான் அண்ணன்.

"எங்க பிரிவு நஷ்டத்துல ஓடுதாம்ண்ணா. மேலிடத்துல அறிக்கை போட்டிருக்காங்க. காம்போ ஆள் ஒருத்தருக்கு மாசம் அறுநூறுதான் வருதாம், ஆனா அவங்களைக் கவனிக்க அறுநூத்தம்பது செலவாகுதாம். மையத்தை மூடிட்டு வெளியில ஒரு கம்பெனிகிட்ட வேலையைக் கொடுத்திடலாமான்னு பேசறாங்க."



ஹலோ தசமத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்க கணக்குல இருக்கீங்களே, நீங்க சொல்லுங்க. எனக்குப் புரியவே இல்ல. மாசம் ஆயிரத்து ஐந்நூறு கட்டறாங்க. தனியா இணைப்பு வாங்கறவங்க ஆயிரம் கட்டறாங்க. எங்க ஆளுங்களுக்கு மட்டும் எப்படி அறுநூறு ஆச்சு? யாரு அந்த அறுநூறைச் சொன்னது?"

அறுநூறைச் சொன்னது தான்தான் என்று தசமத்துக்குத் தெரியும். எழுநூற்று ஐம்பது என்று இருந்திருந்தால் அதே மையம் ஒவ்வொரு ஆளுக்கும் நூறு லாபம் காட்டியிருக்கும். நஷ்டம் யாருக்கு என்று நிதித் தலைவர் கேட்டாரே, அந்த ஆள் இதோ எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரிக்கறதுல ஒரு முறை இருக்கு" என்றாள் தசமம். "நான் பார்த்துச் சொல்றேன்."

"பாருங்க அண்ணி. நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று ஹலோ சாப்பிட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை தசமம் நிதித் தலைவரின் அறைக்குப் போனாள். தனி போன் விற்பனைக் கணக்கு முழுவதையும் கையில் வைத்திருந்தாள். இத்தனை மாதத்திலும் விலை இருபத்து நான்கிலிருந்து நகரவே இல்லை.

"சார், சேவை மையத்தை மூடற பேச்சு அந்த அறுநூறை நம்பித்தான் நடக்குது."

"தெரியும்."

"அது தப்பான எண் சார்."

"தப்புன்னு சொல்லாதே. ஒரு மதிப்பீடு. பங்கு வாங்கறவங்க கையெழுத்துப் போடற நேரம் இது. வருஷக் கடைசியில சரி பண்ணிக்கலாம். மையம் விஷயமா நான் பேசறேன். அவசரப்பட்டு மூட மாட்டாங்க."

அவர் சொன்னதை அவள் நம்பினாள். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி. ஹலோ அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியில் எதுவும் கேட்கவில்லை. அண்ணி பார்த்துக்கொள்வாள் என்று விட்டிருப்பாள். தசமமும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹலோ சாப்பிட வந்தபோது தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

"உனக்கும் அவளுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்று கணவன் கேட்டான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

நிதித் தலைவர் பேசினாரா இல்லையா என்பது தெரியாது. மையத்தை மூடும் முடிவு கையெழுத்தாகிவிட்டது. வெளி நிறுவனத்தோடு ஒப்பந்தமும் முடிந்தது. ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லும் வேலையை ஹலோவிடமே கொடுத்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அதே குரலில், அவளே சொன்னாள். கடைசியாகத் தன் மேசையைக் காலி செய்தாள்.

அரையாண்டுத் தணிக்கைக்கு அந்த முறை ஒரு புதிய பெண் வந்திருந்தாள். அதிகம் பேசாதவள், டீயைக் கூட ஆறவிட்டுத்தான் குடிப்பாள். காம்போக் கணக்கை எடுத்ததுமே போனின் தனி விலையில் நின்றாள்.

"இந்தப் போன் தனியா இருபத்துநாலுக்குத்தான் போகுது. முப்பத்தாறு எங்கேயிருந்து வந்தது?"

"பெட்டியில போட்ட விலை. அப்போ விற்கற விலையை அறிமுகச் சலுகைன்னு எடுத்துக்கிட்டோம்."

தணிக்கையாளர் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் கேட்கறதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்க. விலை பின்னாடி இறங்கியிருந்தா அது வேற விஷயம். ஒப்பந்தம் போட்ட அன்னைக்கு எந்த விலை சரியோ அதுல பிரிச்சது பிரிச்சதுதான், பழசைத் தொட வேண்டாம். இனிமே வர்ற ஒப்பந்தங்களுக்குப் புது விலையை வெச்சா போதும். ஆனா, இருபத்துநாலுதான் நிஜ விலைன்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அது பிழை. போன வருஷக் கணக்கைத் திறந்து திருத்தணும், வெளியில அறிவிக்கணும். அன்னைக்கே தெரியுமா?"

தசமத்துக்கு வழி திறந்தே இருந்தது. போகப்போகத்தான் தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால், இனி வரும் ஒப்பந்தங்களோடு எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும். நிதித் தலைவர் நாற்காலியில் இருப்பார். இவளும் இருப்பாள். ஹலோவின் மையம் நஷ்டத்தில் ஓடிய மையமாகவே கடைசிவரை எழுதப்பட்டிருக்கும்.

"தெரியும்" என்றாள். "விற்பனைப் பிரிவுல கேட்டேன். விலையை ஏத்தற எண்ணமே இல்லைன்னு சொன்னாங்க. தெரிஞ்சுதான் எழுதினேன்."

தணிக்கையாளர் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் கண்டிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. குறித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. போன வருடத்து வருமானம் குறைத்துத் திருத்தப்பட்டது. காம்போ ஆள் ஒருவருக்கான சேவை வருமானம் மாதம் எழுநூற்று ஐம்பதாக மாறியது. நிதித் தலைவர் சொந்தக் காரணங்களுக்காக விலகினார் என்று ஒரு அறிவிப்பு வந்தது. போகும் முன் அவர் தசமத்தின் மேசைக்கு வந்து, "அவங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாமேம்மா" என்றார். அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. கட்டடத்தின் பின்பக்கத்தில், வாடகைச் செலவுகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். தசமம் என்று கூப்பிடுகிறவர்கள் அங்கே யாரும் இல்லை.

ஹலோவிடம் சொல்ல வேண்டும். கணவனிடம்தான் முதலில் சொன்னாள். அவன் கையில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கீழே வைத்தான். "நீயே போய்ச் சொல்லு. என்னைத் தூது அனுப்பாதே" என்றான்.

ஹலோ மாடி வீடு ஒன்றில் தனியாக இருந்தாள். கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்று முகம் மலர்ந்தாள். எங்கெங்கோ வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். நஷ்டத்தில் ஓடிய பிரிவை நடத்தியவள் என்பது எல்லா நேர்முகத்திலும் முன்னால் வந்து நின்றதாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தசமம் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள். பெட்டியில் போட்ட விலை, கடையில் விற்ற விலை, மூவாயிரத்து அறுநூறு, அறுநூறு, எழுநூற்று ஐம்பது. எதையும் மழுப்பவில்லை.

ஹலோ கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு கோபமாக ஆட்கள் பேசினாலும் குறுக்கிடாமல் கேட்டே பழகியவள்.

"அப்போ நாங்க நஷ்டத்துல ஓடல."

"இல்ல."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட இல்ல."

ஹலோ ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். திரும்பியபோது அவள் குரல் மாறியிருந்தது. பல வருடமாக வாயில் வராத நீ வந்தது.

"நீ முதல்ல எழுதினதைக்கூட விட்டுடுவேன்டி. மேல இருக்கறவர் சொன்னார், நீ கேட்டே. யாரா இருந்தாலும் வழுக்கற இடம்தான். ஆனா சாப்பிட உட்கார்ந்தப்ப உன்கிட்ட கேட்டேன் பாரு, யாரு அந்த அறுநூறைச் சொன்னதுன்னு. அப்போ சொல்லியிருக்கலாமே. நான்தான்னு ஒரு வார்த்தை. கத்தியிருப்பேன், உன் தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். ஆனா மறுநாளே மேலிடத்துல போய் நின்னு சண்டை போட்டிருப்பேன். அதுக்கு அப்போ நேரம் இருந்துச்சு."

"சொல்லியிருக்கணும்."

"என் ஆளுங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, நாம சரியா வேலை செய்யல, அதான் மூடறாங்கன்னு சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். அவங்களும் நம்பிட்டுப் போனாங்க."

தசமம் அழுதாள். ஹலோ அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை.

நிறுவனத்தின் திருத்த அறிவிப்பில் மையத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது தொகைகளைப் பற்றியது, ஆட்களைப் பற்றியது அல்ல. தசமம் மேலிடத்துக்கு மனுப் போட்டாள். வெளி நிறுவனத்தோடு மூன்று வருட ஒப்பந்தம், முறிக்க முடியாது என்று பதில் வந்தது. அதன் பிறகு அவள் ஹலோவிடம் பழைய ஆட்களின் விலாசங்களை வாங்கிக்கொண்டு, மையம் லாபத்தில்தான் நடந்தது, எண்ணைத் தவறாக எழுதியது நான் என்று தன் பெயரைப் போட்டு ஒவ்வொருவருக்கும் எழுதினாள். சிலர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் நேர்முகத்தில் அதைக் காட்டியதாகச் சொன்னார்கள். ஒருத்தி, இப்போது இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, என்று மட்டும் எழுதியிருந்தாள்.

ஹலோவுக்கு வேறு ஊரில் ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிதான். சாமான் ஏற்றும் அன்று அண்ணனும் அண்ணியும் போயிருந்தார்கள். மெத்தை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. தசமம் மேலிருந்து தள்ள, ஹலோ கீழிருந்து இழுத்தாள்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க அண்ணி" என்றாள் ஹலோ.

நீ மறுபடி நீங்களாகியிருந்தது. இந்த முறை அதில் கேலி இல்லை. தசமத்துக்கு அது நன்றாகவே கேட்டது. மெத்தையைச் சாய்த்துப் பிடித்தாள். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியதும் ஹலோ அண்ணனைக் கட்டிக்கொண்டாள், அண்ணியிடம் தலையை மட்டும் ஆட்டினாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றாள் தசமம்.

"அண்ணனுக்குப் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஹலோ வண்டியில் ஏறினாள்.